“டைட்டா இருக்கு அக்கா, மாத்திக் குடுப்பீங்களா?”

இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி வந்து விழும். கூடவே, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த ஒரு போட்டோ. ஆன்லைனில் துணி விற்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மாற்றிக் கொடுக்கலாம்தான். ஆனால் கூரியர் செலவு யாருடையது? அவர் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தாரா, கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு போய்வந்தாரா? பெரிய சைஸ் கையிருப்பில் இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? இதற்கெல்லாம் ஆளுக்கொரு பதில், நாளுக்கொரு பதில் சொல்லிச் சமாளிப்பவர்கள்தான் அதிகம்.

இத்தனைக்கும் அவர்களுடைய வெப்சைட்டின் அடியில் ‘ரிட்டர்ன் அண்ட் ரீஃபண்ட் பாலிசி’ என்று ஒரு பக்கம் இருக்கும். பேமெண்ட் கேட்வே நிறுவனங்கள் கணக்கைத் திறந்துவிடும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்பது வழக்கம். அதற்காக ராவோடு ராவாக வேறு ஏதோ ஒரு கடையிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். நிதானமாகப் படித்தால் நடுவில் எங்கேயோ அந்தப் பழைய கடையின் பெயர்கூட மாற்றப்படாமல் கிடக்கும். ‘30 நாட்களுக்குள் திருப்பலாம்’ என்று மேலே ஒரு வரி; ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது’ என்று கீழே ஒரு வரி. முதல் வரி வெளிநாட்டுக் கடையிலிருந்து வந்தது, இரண்டாவது நம்மூர் பில் புத்தகத்திலிருந்து வந்தது. தகராறு என்று வரும்போது இரண்டுமே கைகொடுக்காது.

அந்தப் பக்கத்தை உருப்படியாக எழுதுவது எப்படி என்று பார்க்க ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு பெண்மணி காட்டன் குர்திகளும் கொஞ்சம் கைத்தறிச் சேலைகளும் விற்கிறார். சொந்த வெப்சைட் இருக்கிறது. ஆர்டர் எடுப்பது, மடிப்பது, பேக் செய்வது எல்லாம் அவரும் ஒரு உதவியாளரும்தான். ஒரு குர்தியின் விலை 899 ரூபாய்.

பேனாவை எடுப்பதற்கு முன் அவர் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் துணிகள் இரண்டு சாதி. ஒன்று, கடையின் தவறால் திரும்புவது: கிழிசல், தையல் விட்டது, கேட்டது நீலம் அனுப்பியது பச்சை, ‘சுத்தக் காட்டன்’ என்று போட்டுவிட்டுக் கலப்படத் துணி அனுப்பியது. இன்னொன்று, கடையின் மேல் தவறே இல்லாமல் திரும்புவது: சைஸ் பொருந்தவில்லை, நிறம் எனக்கு எடுக்கவில்லை, வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. முதல் வகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அதில் கடைக்காரருக்குப் பெரிய சுதந்திரம் கிடையாது. இரண்டாவது வகையில் முழுச் சுதந்திரமும் அவருக்குத்தான். எடுத்து ஒட்டிய பக்கங்கள் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிடுகின்றன. அதனால் கொடுக்க வேண்டிய இடத்தில் மறுக்கிறார்கள், மறுக்கக்கூடிய இடத்தில் வாரிக் கொடுக்கிறார்கள்.

முதலில் சட்டம் பேசும் பாதி. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும் இதற்குப் பொருந்தும். தன் சரக்கைத் தன் வெப்சைட்டில் தானே விற்பவர், பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்து சேர்ந்தாலோ, அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. கடை சின்னது, விற்றுமுதல் குறைவு என்று இதில் கணக்குக் கிடையாது. தன்னுடைய பழைய சேலை ஒன்றை எப்போதாவது விற்கும் தனி ஆளை விதிகள் தொடாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் தொடும்.

கடைக்காரர்கள் பலர் கவனிக்காத ஒரு வரியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. குறையுள்ள பொருளை எத்தனை நாளுக்குள் திரும்ப எடுப்போம் என்று பில்லில் எழுதியிருந்தால் அந்தக் காலத்துக்குள், எதுவுமே எழுதாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. எழுதாமல் விட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்குச் சட்டமே ஒரு மாத அவகாசத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறது. சட்டம் பில், ரசீது என்றுதான் பேசுகிறது என்பதால், வெப்சைட்டில் எழுதியதோடு நிற்காமல் பார்சலுக்குள் போகும் பில்லின் பின்பக்கத்திலும் அதே கால அளவை அச்சிடுவது நல்லது.

‘சேல் துணிக்கு ரிட்டர்ன் இல்லை’ என்பதும் இந்தப் பாதியில் செல்லாது. பாதி விலைக்கு விற்றாலும் கிழிந்ததை விற்க முடியாது. கிழிசலைப் படமெடுத்துப் போட்டு, ‘கைப்பகுதியில் சிறு கிழிசல் உண்டு, அதனால் 300 ரூபாய்’ என்று சொல்லி விற்றால் கதை வேறு. அங்கே வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். அதேபோல, ‘ஈரோடு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டால் வெளியூர்க்காரர் கேஸ் போட மாட்டார் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். 2019 சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே, வேலை பார்க்கும் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. 899 ரூபாய் குர்திக்காக ஈரோட்டுக்காரர் குவஹாத்திக்குப் பதில் எழுத வேண்டி வரலாம்.

எனவே அந்தப் பகுதியை வளைக்காமல் நேராக எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம். இப்படி:

“துணியில் கிழிசல், தையல் குறை, கறை இருந்தாலோ, நீங்கள் கேட்டதற்கு மாறான நிறமோ சைஸோ வந்தாலோ, அது எங்கள் தவறு. மாற்றுத் துணியோ முழுப் பணமோ, நீங்கள் கேட்பதைத் தருவோம். திருப்பி அனுப்பும் செலவும் எங்களுடையது. பார்சல் வந்த 48 மணி நேரத்துக்குள் போட்டோவுடன் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். துவைத்த பிறகுதான் தெரியும் குறை என்றால் 30 நாட்களுக்குள் சொல்லுங்கள்.”

இதில் 48 மணி நேரம் என்பது ஒரு வேண்டுகோள்தான். அதைத் தாண்டினால் கிடையாது என்று கதவைச் சாத்தவில்லை. பார்வைக்குத் தெரியும் கிழிசலை இரண்டு நாளில் சொல்லிவிட முடியும். முதல் சலவையில் சாயம் இறங்குவதையோ, ஒரு சைஸ் சுருங்குவதையோ இரண்டு நாளில் எப்படிச் சொல்ல முடியும்? அதற்காகத்தான் கடைசி வரி.

சாயம் என்றதும் இன்னொன்று. இண்டிகோ போன்ற சில சாயங்கள் முதல் சில சலவைகளில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கைத்தறியில் அங்கங்கே நூல் முடிச்சு இருக்கும். இவை குறையா, இயல்பா என்ற சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் பாலிசிப் பக்கம் இல்லை, பொருளின் பக்கம். குர்தியின் படத்துக்குக் கீழேயே ‘முதல் மூன்று சலவைக்குத் தனியாக, குளிர்ந்த நீரில் துவைக்கவும், சாயம் சிறிது இறங்கும்’ என்று எழுதியிருந்தால், சொன்னபடிதான் பொருள் போயிருக்கிறது. அதை எழுதாமல், பாலிசியின் பதினைந்தாவது வரியில் ‘கைத்தறியின் இயல்பான மாறுபாடுகள் குறையாகக் கருதப்படாது’ என்று போடுவது வாங்குபவரிடமும் எடுபடாது, ஆணையத்திலும் எடுபடாது.

இனி இரண்டாவது பாதி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஆன்லைனில் வாங்கிய துணியைக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் திருப்பும் பொது உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட பக்கங்கள் அந்த உரிமையைச் சுற்றி எழுதப்பட்டவை. நம் நாட்டில் அப்படி ஒரு பொது உரிமை இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காகத் துணியைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்பது கடைக்காரர் தீர்மானிப்பது. ஆனால் என்ன தீர்மானித்தாலும், திருப்பும் செலவு யாருடையது என்பது உட்பட, வாங்குவதற்கு முன்பே கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும் என்கிறது விதி.

தீர்மானிக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ஈரோட்டுக் கடையின் 899 ரூபாய் குர்தியில் 5 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், அது சுமார் 43 ரூபாய். துணியும் தையலும் சேர்த்து 480. கவர், அட்டை, டேக் 20. கூரியர் 70. பேமெண்ட் கேட்வே 2 சதவீதமும் அதன்மேல் வரியும் பிடித்தால் 21. எல்லாம் போக 265 ரூபாய் நிற்கிறது. வாடகை, விளம்பரம், உழைப்பு எல்லாம் இதற்குள்தான்.

அந்தக் குர்தி சைஸ் சரியில்லை என்று திரும்பி வருகிறது, முழுப் பணமும் கொடுக்கிறார் என்று வையுங்கள். துணி நல்லபடியாக இருந்தால் மறுபடி விற்கலாம். வரியைக் கிரெடிட் நோட் போட்டு நேர் செய்துகொள்ளலாம். ஆனால் போன கூரியர் 70, பேக்கிங் 20, பெரும்பாலும் கேட்வே திருப்பித் தராத அந்த 21, வீட்டு வாசலில் போய் எடுத்துவரும் ரிவர்ஸ் பிக்கப் 90 ஆகியவை போனது போனதுதான். மொத்தம் 201 ரூபாய். நான்கு குர்தி விற்று அதில் ஒன்று இப்படித் திரும்பினால், மூன்று குர்தியின் லாபம் 795-இல் 201 கரைந்துவிடும்.

அதே ஆள் பெரிய சைஸுக்கு மாற்றிக்கொண்டால்? எடுத்துவர 90, மறுபடி அனுப்ப 70, பேக்கிங் 20. ஆக 180 கூடுதல் செலவு. ஆனால் விற்பனை நிற்கிறது. 265-இல் 180 போனாலும் 85 ரூபாய் கையில் இருக்கிறது. 201 நஷ்டத்துக்கும் 85 லாபத்துக்கும் நடுவே 286 ரூபாய் வித்தியாசம். இதைப் பார்த்தபின் எழுத வேண்டியது தானாகத் தெரிந்துவிடும்: சைஸ் மாற்றத்தை எளிதாக்கு, பணம் திருப்புவதற்கு ஒரு சின்னக் கட்டணம் வை.

“சைஸ் பொருந்தவில்லையா? ஒரு ஆர்டருக்கு ஒருமுறை இலவசமாக மாற்றித் தருவோம். நீங்கள் கேட்கும் சைஸ் இல்லாவிட்டால் முழுப் பணமும் திரும்பும். நிறமோ மாடலோ பிடிக்காமல் பணம் திரும்ப வேண்டுமென்றால், திருப்பி எடுக்கும் செலவாக 100 ரூபாய் கழித்து மீதியைத் தருவோம். துணி துவைக்காமல், போட்டுப் பார்த்ததற்கு மேல் உடுத்தாமல், டேக் அறுக்காமல் இருக்க வேண்டும்.”

நடுவில் இருக்கும் ‘சைஸ் இல்லாவிட்டால் முழுப் பணம்’ என்ற வரியைச் சேர்க்கப் பலருக்கு மனம் வராது. ‘அதே மதிப்புக்குக் கிரெடிட் தருகிறோம், வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று முடிக்கத்தான் ஆசைப்படுவார்கள். மாற்றிக் கொடுக்கத் தன்னிடம் சரக்கு இல்லாததற்கு வாங்கியவர் பணத்தை முடக்கி வைப்பது என் பார்வையில் அசிங்கமான வேலை. முதல் வகைத் திருப்பத்திலோ, அதாவது குறையுள்ள துணியிலோ, கிரெடிட்தான் என்று கட்டாயப்படுத்தவே கூடாது. கேட்வே வழியாக வந்த பணத்தைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலும், வாங்கியவர் தெளிவாகச் சம்மதித்தால் ஒழிய, பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்கிறது.

டேக் விஷயத்தில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. டேக்கைக் கழுத்துக்குள் லேபிளோடு சேர்த்துக் கட்டினால், அதை உள்ளே மறைத்துக்கொண்டு ஒரு வரவேற்புக்கே போய்வரலாம். முன்பக்கம் முதல் பொத்தானிலோ, மணிக்கட்டுப் பக்கத்திலோ வெளியே தெரியும்படி கட்டினால் வீட்டில் போட்டுப் பார்க்கத் தடையில்லை, வெளியே போட்டுக்கொண்டு போக முடியாது. திரும்பி வந்த துணியைச் சோதிக்கும்போது கண்ணைவிட மூக்குதான் முந்தும். சென்ட் வாசனை, கக்கத்தில் பவுடர் வெள்ளை, கழுத்து விளிம்பில் மேக்கப்பின் பழுப்பு, மஞ்சள் தீற்றல் இவையெல்லாம் கதை சொல்லிவிடும். அப்படி வந்தால் என்ன செய்வோம் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும்: “உடுத்திய அடையாளம் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புவோம், பணம் திருப்பாமல் அதே துணியை உங்களுக்கே அனுப்பி வைப்போம்.” துணியையும் வைத்துக்கொண்டு பணத்தையும் தர மறுத்தால் அது வேறு வழக்காகிவிடும்.

சேலையும் பிளவுஸும் தனிக் கதை. சேலையை முழுக்க விரித்துப் பார்க்காமல் குறை தெரியாது. பிளவுஸ் துணியோடு சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல் நீளம். முந்தானைக்கு அடியில் மடிப்புக்குள் ஒரு இழை விட்டிருந்தால், கட்டும் நாளில்தான் கண்ணில் படும். பெரும்பாலோர் சேலை வந்ததும் ஃபால், பீக்கோ போடக் கொடுத்துவிட்டு, கூட வந்த பிளவுஸ் துணியையும் வெட்டக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் ‘கலர் பிடிக்கவில்லை’ என்றால் எடுக்க முடியாது, நியாயம்தான். எனவே அந்த வரி பாலிசியில் மட்டும் இருந்தால் போதாது, சேலையோடு ஒரு துண்டுச் சீட்டாகவும் போக வேண்டும்: “ஃபால் போடும் முன், பிளவுஸ் வெட்டும் முன் வெளிச்சத்தில் முழுக்க விரித்துப் பாருங்கள்.” அளவு கொடுத்துத் தைத்த பிளவுஸுக்குப் பிடிக்கவில்லை என்ற ரிட்டர்ன் கிடையாது, கொடுத்த அளவுக்கு மாறாகத் தைத்திருந்தால் சரிசெய்து தருவதும், முடியாவிட்டால் பணம் தருவதும் கடையின் பொறுப்பு. உள்ளாடைகளைச் சுகாதாரம் கருதித் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதலாம். அங்கேயும் குறையுள்ளதற்கு இந்த விலக்கு செல்லாது.

இனி நாள் கணக்கு. ‘7 நாட்களுக்குள் திருப்பலாம்’ என்று எழுதியாகிவிட்டது. எந்த நாளிலிருந்து ஏழு? ஆர்டர் போட்ட நாளா, கடையிலிருந்து கிளம்பிய நாளா, கையில் கிடைத்த நாளா? ஏழாம் நாளுக்குள் சொன்னால் போதுமா, துணியே கடைக்கு வந்து சேர வேண்டுமா? நான் பார்த்த பக்கங்களில் இதைச் சொன்னவை மிகக் குறைவு. சண்டைகளோ பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன. ஈரோட்டிலிருந்து கிளம்பிய பார்சல் ராமேஸ்வரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேரவே ஐந்து நாள் ஆகலாம். அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் அவருக்கு மிஞ்சுவது இரண்டு நாள். “கூரியர் கணக்கில் ‘டெலிவர்டு’ என்று பதிவான மறுநாள் முதல் நாள். ஏழாம் நாள் இரவு 12 மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும். துணி எங்களிடம் வந்து சேரச் சில நாட்கள் ஆனாலும் பரவாயில்லை.” இந்த மூன்று வாக்கியம் அத்தனை கேள்விகளையும் அடைத்துவிடும்.

அந்தக் கிராமத்துக்காரருக்கு இன்னொரு சிக்கலும் வரும். எல்லாப் பின்கோடுக்கும் ரிவர்ஸ் பிக்கப் கிடையாது. அப்போது அவரே தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது, எவ்வளவு வரை, ரசீது போட்டோ வேண்டுமா என்று எழுதாவிட்டால் அவர் ‘டு பே’யில் அனுப்பி வைப்பார், கடைக்காரர் பார்சலை வாங்க மறுப்பார், துணி நடுவழியில் அல்லாடும்.

‘அன்பாக்சிங் வீடியோ கட்டாயம், கவரைப் பிரிப்பது முதல் வெட்டில்லாத வீடியோ இல்லாவிட்டால் எந்தப் புகாரும் ஏற்கப்படாது.’ இன்ஸ்டாகிராம் துணிக்கடைகளில் இன்று அநேகமாக எல்லோரும் வைத்திருக்கும் வரி இது. பயம் புரிகிறது. நல்ல துணியை வாங்கிக்கொண்டு பழைய துணியைத் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் கொடுத்த உரிமைக்குக் கடைக்காரர் புதிதாக ஒரு நுழைவுச்சீட்டு வைக்க முடியாது. வீடியோ ஒரு நல்ல சாட்சி. அது இல்லை என்பதாலேயே கிழிந்த துணி நல்ல துணி ஆகிவிடாது. பார்சலை வாங்கும் அறுபது வயது அம்மா ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் செல்போனுமாக நிற்பார் என்று எதிர்பார்ப்பதும் நடக்கிற காரியமில்லை.

கடைக்காரருக்குச் சாட்சிதான் வேண்டுமென்றால் அதைத் தன் பக்கத்தில் உருவாக்கிக்கொள்வது எளிது. பேக்கிங் மேசைக்கு மேலே ஒரு செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, துணியின் முன்பக்கம், பின்பக்கம், டேக், ஆர்டர் எண் ஒட்டிய கவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி இருபது விநாடி வீடியோ எடுத்து, ஆர்டர் எண்ணையே பெயராக வைத்து இரண்டு மாதம் சேமித்தால் போதும். டேக்கில் ஒரு வரிசை எண் இருந்தால், போனதே திரும்பி வந்ததா என்றும் தெரிந்துவிடும். பக்கத்தில் இப்படி எழுதலாம்: “முடிந்தால் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், பிரச்சினை வந்தால் உடனே தீர்க்க உதவும். இல்லாவிட்டாலும் போட்டோ அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.”

அடுத்தது பணம். ‘ரீஃபண்ட் 7 முதல் 10 நாட்களில்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும்போது இரண்டு கடிகாரங்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று கடையுடையது: துணி வந்து, பிரித்துப் பார்த்து, கேட்வேயில் ரீஃபண்ட் பட்டனை அழுத்தும் வரை. இன்னொன்று வங்கியுடையது: அழுத்திய பிறகு வாங்கியவர் கணக்கில் ஏறும் வரை; பொதுவாக ஐந்து முதல் ஏழு வேலைநாள். முதல் கடிகாரத்துக்குத்தான் கடைக்காரர் பொறுப்பேற்க முடியும். “துணி எங்களிடம் வந்த இரண்டு வேலைநாளுக்குள் பணத்தை அனுப்பி, அதன் குறிப்பு எண்ணை உங்களுக்குத் தருவோம். அதன்பின் உங்கள் வங்கி 5 முதல் 7 வேலைநாள் எடுக்கலாம்.” அந்தக் குறிப்பு எண் கையில் இருந்தால் அவர் வங்கியில் கேட்பார், இல்லாவிட்டால் கடைக்குத்தான் தினம் மூன்று மெசேஜ்.

கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பிப் போக வழியே இல்லை. பணம் கூரியர் பையன் கையில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. எனவே யு.பி.ஐ. ஐடியோ வங்கி விவரமோ கேட்டாக வேண்டும். எந்த எண்ணிலிருந்து கேட்போம் என்று பக்கத்தில் எழுதிவிட்டு, “பணம் பெற உங்கள் பின் நம்பரோ ஓ.டி.பி.யோ தேவையில்லை, நாங்கள் கேட்கவும் மாட்டோம்” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கடையின் பெயரைச் சொல்லி ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம்’ என்று போன் செய்து கணக்கைச் சுரண்டும் கும்பலுக்கு இந்த வகை வாடிக்கையாளர்கள்தான் எளிய இரை.

அனுப்புவதற்கு முன்பே ஆர்டரை ரத்து செய்பவர்களும் உண்டு. எடுத்து ஒட்டிய பக்கங்களில் ‘கேன்சலேஷன் கட்டணம் 10 சதவீதம்’ என்று பார்த்திருப்பீர்கள். விதி இதில் கறார். சரக்கு இல்லை என்று கடைக்காரர் தானே ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்பதாக இருந்தால்தான் வாங்குபவரிடம் வாங்கலாம். ஆக, 899 ரூபாய் ஆர்டரில் 90 ரூபாய் பிடிப்பவர், ஸ்டாக் தீர்ந்து தான் ரத்து செய்யும் நாளில் 899-உடன் 90-ஐயும் சேர்த்துத் தரத் தயாரா என்று யோசித்துக்கொள்ளட்டும். ‘அனுப்பும் வரை இலவசமாக ரத்து செய்யலாம்’ என்று எழுதுவதே நிம்மதி.

குறைகேட்பு அலுவலர் என்று ஒருவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. கேட்டதும் சிலர் மிரள்கிறார்கள். இரண்டு பேர் நடத்தும் கடையில் முதலாளியம்மாவின் பெயரைப் போட்டாலே போதும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் ‘உங்கள் மெசேஜ் கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதிலோடு ஒரு புகார் எண்ணும் கொடுத்துவிட்டால் முதல் பாதி முடிந்தது. கடையில் தீராவிட்டால் வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்பேன். எப்படியும் அவர் கண்டுபிடிக்கப் போகிற எண்தான்.

எழுதியாயிற்று. எங்கே வைப்பது? வெப்சைட்டின் அடியில் பொடி எழுத்தில் மட்டும் இருந்தால் வாங்கும் முன் யாரும் பார்ப்பதில்லை. குர்தியின் படத்துக்குக் கீழே, சைஸ் அட்டவணைக்கு அருகிலேயே, ‘7 நாள், சைஸ் மாற்றம் இலவசம், பணம் திருப்ப 100 ரூபாய்’ என்று ஒரு வரியும் முழுப் பக்கத்துக்கு ஒரு லிங்க்கும் இருக்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் ‘பாலிசியைப் படித்து ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக்கை முன்கூட்டியே போட்டு வைக்கக் கூடாது. அதையும் விதி தடுக்கிறது. சைஸ் அட்டவணையில் இருக்கும் 40 அங்குலம் உடம்பின் அளவா, துணியின் அளவா என்று சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கு ஓயாமல் வேலை இருக்கும். துணியைத் தட்டையாக விரித்துக் கக்கத்துக்குக் கக்கம் அளந்து, அதை இரண்டால் பெருக்கி, ‘இது துணியின் அளவு, உங்கள் மார்பளவு இதைவிட இரண்டு அங்குலம் குறைவாக இருந்தால் சௌகரியம்’ என்று ஒரு வரி எழுதினாலே, பதினொரு மணி மெசேஜ்களில் பல வராமல் நின்றுவிடும்.

பக்கத்தின் தலையில் ‘கடைசியாக மாற்றிய தேதி’யும் இருக்கட்டும். தீபாவளிக்கு முன் ஏழு நாளை மூன்று நாளாகக் குறைக்க ஒரு கடைக்காரருக்குத் தோன்றலாம். குறைக்கலாம், ஆனால் புதிய கணக்கு அன்றைக்குப் பிறகு வரும் ஆர்டருக்குத்தான். முந்தின நாள் வாங்கியவருக்குப் பழைய ஏழு நாள்தான். எனவே மாற்றும் முன் பழைய பக்கத்தைத் தேதியோடு ஒரு பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் போகும் உறுதிப்படுத்தும் மெயிலிலேயே பாலிசியை முழுதாக ஒட்டி அனுப்பிவிட்டால், அன்றைக்கு எது நடப்பில் இருந்தது என்ற கேள்வியே எழாது. அவர் மெயில் பெட்டியிலேயே இருக்கும்.